ஒரு மங்கு காலைக்கள்

வயிற்றில் பிள்ளை இருந்தபோது குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டதும் இருளாயிக்குச் சுருக்கென்றது. குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, வாசலில் விழுந்து கிடப்பவனை இழுத்து உள்ளே போட்டே தோள்பட்டை தேய்ந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. எங்கள் பரம்பரையிலேயே பெண்பிள்ளைகள் குடித்ததில்லை என்று வெடுக்கென்று சொன்னாள். டாக்டர் டோரிஸ் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். இது முதல் தடவை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது நடந்தது.

இரண்டாம் தடவையும் அதே கேள்வி, அதே பதில். காதையும் கண்ணையும் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வேறு வேறு நோயைச் சொல்லி ஒவ்வொன்றாக இல்லை என்று தள்ளினார்கள். மகள் இந்திராணியின் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார் டாக்டர். கண்ணாடி மாதிரியான ஒரு ஸ்கேலைக் கண்ணோரம் பிடித்து, இமைகளுக்கு நடுவே கண் எவ்வளவு நீளம் திறக்கிறது என்று பார்த்தார். மேலுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்பது வயதுப் பிள்ளை, ஆறு வயதுக்காரியின் சட்டை சரியாக இருந்தது. இந்திராணிக்கு எல்லாமே வேடிக்கை. டாக்டரின் மடியில் உரிமையோடு ஏறி உட்கார்ந்துகொண்டு ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டாள். முன்பின் தெரியாதவர்களிடம் இப்படி ஒட்டிக்கொள்வதுதான் இருளாயிக்கு எப்போதும் பயம்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் இந்திராணியை வைத்துக்கொண்டு வாத்தியார் மாரடித்து ஓய்ந்துபோயிருந்தார். திங்கட்கிழமை படித்த வாய்ப்பாடு செவ்வாய்க்கிழமை இருக்காது. ஒரு வேலை சொன்னால் செய்வாள், இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டும் போச்சு. உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சத்தியம் செய்வாள், உண்மையிலேயே எடுத்தது அவளுக்கு நினைவில்லை. சோம்பேறி என்றார்கள், பிடிவாதக்காரி என்றார்கள். பிரம்பும் விழுந்தது. இருளாயியும் சும்மா இல்லை, வீட்டில் தன் பங்குக்குக் கரண்டிக் காம்பால் போட்டிருக்கிறாள். அடித்த கையைப் பிடித்துக்கொண்டு அம்மா உங்களுக்கு வலிக்குதா என்று கேட்கிற பிள்ளையை எப்படி அடிக்கத் தோன்றியது என்று பிற்பாடு நினைத்து நினைத்து வெந்தாள்.

மூன்றாம் தடவை, எண்பத்து மூன்றாம் வருஷம் நவம்பரில், இருளாயி மட்டும் தனியாகப் போனாள். பள்ளி விடுமுறை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வகைகளை வறுக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை, காலையில் போனால் பொழுதுசாயத்தான் வருவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளைக் கோலா கங்சார் சாலையில் பதினாலாவது மைலில், பதினாலாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் நாத்தனார் மங்களம் வீட்டில் விட்டிருந்தாள்.

அன்றைக்கு டாக்டர் கேள்வியை மாற்றிக் கேட்டார். குடிப்பதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தோட்டத்தில் என்னென்ன சாப்பிடக் கொடுத்தார்கள், உடம்புக்கு நல்லது என்று என்ன செய்தார்கள் என்று ஊர்க்கதை பேசுவதுபோல் விசாரித்தார். இருளாயிக்கு மனசு இளகிவிட்டது. அப்போது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்ததையும், அம்மா இல்லாத குறை தெரியாமல் நாத்தனார் பார்த்துக்கொண்டதையும் சொன்னாள். நாத்தனார் புருஷன் சின்னையா தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு மரமேறிக் கள் இறக்குகிறவர். கடைக்குப் போகும் முன்னாலேயே முதல் பானையிலிருந்து ஒரு மங்கு வீட்டுக்கு வந்துவிடும். மங்கு என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற பீங்கான் கிண்ணம், சின்னதல்ல. உடம்புச் சூடு தணியும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று மங்களம் கூடவே நின்று குடிக்க வைப்பாள். இடுப்பு வலித்தால் சாயங்காலமும் ஒன்று. பிள்ளை நின்ற இரண்டாம் மாசத்திலிருந்து வலி எடுத்த அன்று வரைக்கும் ஒரு நாள் தவறியதில்லை.

"குடிச்சதில்லன்னு சொன்னீங்களே, இருளாயிம்மா."

"அது குடியில்ல டாக்டர். அது காலக்கள்ளு, இனிப்பாத்தான் இருக்கும். மருந்துக்குக் குடிச்சது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

டாக்டர் டோரிஸ் பத்துகாஜாவில் பிறந்து வளர்ந்தவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சுற்றி வளைக்கத் தெரியாதவர். சொல்ல வேண்டியதை மெதுவாக, ஆனால் ஒன்று விடாமல் சொன்னார். கள்ளில் இருக்கிற சாராயச் சத்து தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும், நஞ்சுக்கொடி அதை வடிகட்டாது. தாய்க்கு ஈரல் இருக்கிறது, சிறிது நேரத்தில் அதைக் கரைத்துவிடும். பிள்ளையின் ஈரல் இன்னும் வேலை செய்யப் பழகாதது, அதனால் அங்கே தங்கிக் கிடக்கும். முகம் உருவாகிற வாரங்களில் பட்டால் முகத்தில் தெரியும், சின்னக் கண், மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத சமதளம். மூளை மட்டும் ஒன்பது மாசமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஆகவே எந்த மாசத்தில் பட்டாலும் அதற்குக் கேடுதான். முகத்தில் ஒன்றுமே தெரியாமல் மூளையில் மட்டும் பாதிப்போடு பிறக்கிற பிள்ளைகள்தான் அதிகம் என்றும் சொன்னார்.

இந்திராணி சோம்பேறியில்லை, அடங்காப்பிடாரியுமில்லை. நினைவில் வைக்கிற இடமும், யோசித்து அடக்கிக்கொள்கிற இடமும் அவளுக்குச் சரியாகக் கட்டப்படவில்லை. இதற்கு மாத்திரை கிடையாது, வளர்ந்தால் மாறிவிடுகிற சமாசாரமும் கிடையாது. அடிக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், மறந்தால் மறுபடி காட்டுங்கள். தினமும் ஒரே மாதிரி நடந்தால் அவளுக்குப் பிடிபடும்.

இருளாயி அழவில்லை. அழுகை வர இன்னும் நேரமிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அரை மங்கு குடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா? எவ்வளவு வரைக்கும் பரவால்ல?"

"தெரியாதும்மா. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் தெரியாது. புள்ளத்தாய்ச்சிங்கள வரிசையா உக்கார வச்சு ஆளுக்கு ஒரு அளவு குடுத்து, எந்தப் புள்ள கெட்டுப்போவுதுன்னு பாக்க முடியுமா? குடிச்சவங்களத் தேடிப்போயி, எவ்வளவு குடிச்சீங்கன்னு கேட்டுத்தான் இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அவங்களுக்கும் சரியா நெனப்பிருக்காது. ஒரு உடம்புக்குத் தாங்கறது இன்னொரு உடம்புக்குத் தாங்காது. ரெட்டப் புள்ளயிலகூட ஒண்ணுக்கு அதிகமா, ஒண்ணுக்குக் கம்மியாப் பட்டிருக்கு. அதிகமா குடிச்சா அதிகக் கெடுதல், அது தெரியும். இதுக்குக் கீழ போனா ஆபத்தில்லன்னு ஒரு கோடு இருக்கான்னு கேட்டா, அப்படி ஒரு கோட்ட இதுவரைக்கும் யாரும் காணல. அதனாலதான் சொட்டுகூட வேணாம்னு சொல்றோம்."

அப்படியானால் என் நாத்தனாருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் அதே மங்கில் வளர்ந்ததுதான், மூத்தவன் பேங்கில் வேலை பார்க்கிறான் என்றாள் இருளாயி. அது அதிர்ஷ்டம், அத்தாட்சியில்லை என்றார் டாக்டர். பிறகு தயங்கி, இந்த நோய்க்கு இங்கிலீஷ் புத்தகத்தில் பேர் வைத்தே பத்து வருஷம்தான் ஆகிறது, உங்களுக்கு யாரும் சொல்லாததில் ஆச்சரியமில்லை என்று சேர்த்துக்கொண்டார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். இருளாயி விரல்விட்டு எண்ணினாள். இந்திராணி பிறந்து ஒன்பது வருஷம். யாரோ எங்கோ எழுதி வைத்துவிட்டார்கள், அது பதினாலாங்கட்டை லயத்துக்கு வந்து சேர்வதற்குள் அவள் மங்கு மங்காகக் குடித்து முடித்திருந்தாள்.

பஸ்ஸில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த இன்னொன்று நெஞ்சில் வந்து மோதியது. மங்களத்தின் மகள் அமராவதி. புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டதால், முழுகாமல் இருக்கிற பெண் மூன்றாம் மாசத்திலிருந்தே தாய்வீட்டில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இந்திராணியை விடப் போயிருந்தபோது, உன்னப் பாத்துக்கிட்ட மாதிரியே இவளையும் பாத்துக்கறேன் என்று மங்களம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது புரிந்தது.

சொல்லியாக வேண்டும். சொல்வதென்றால் சும்மா சொல்ல முடியாது, எம் மகளைப் பாருங்கள் என்று சொல்லியாக வேண்டும். ஊருக்கு இந்திராணி இதுநாள் வரை கொஞ்சம் மந்தமான, சிரித்த முகமான பிள்ளை. இனி அவள் வேறொன்றாகிவிடுவாள்.

இரவு புருஷனிடம் சொன்னாள். உடையப்பன் நகராட்சிக் குப்பை லோரியில் வேலை, அன்றைக்கு அதிசயமாகப் பாதிப் போதையில்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் முதலில் கேட்டது, அப்படியானால் நான் குடித்ததால் இல்லையா என்று. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அது தாய் குடிப்பதால்தான் போய்ச்சேருகிறது என்று டாக்டர் சொன்னதை அவள் மறைக்காமல் சொன்னாள். அவன் முகத்தில் விளக்குப் போட்டமாதிரி ஒரு நிம்மதி வந்தது. ஒன்பது வருஷமாக அவனுக்குள்ளும் ஒரு பயம் இருந்திருக்கிறது போலும்.

"அப்ப எம்மேல பழியில்ல லா," என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், அந்த நிம்மதியைக் கொண்டாடிவிட்டு வழக்கம்போல் நேரங்கழித்து வந்தான். வாழ்நாளெல்லாம் குடித்தவன் கையைத் துடைத்துக்கொண்டான், குடியை வெறுத்தவள் தலையில் பழி விழுந்தது. இதைவிட அழகாக ஒரு வஞ்சனையைக் கடவுளே உட்கார்ந்து யோசித்தாலும் செய்திருக்க முடியாது என்று இருளாயி நினைத்தாள். காலையில் போதை தெளிந்ததும் அவன் சொன்ன புத்திமதி, நல்ல நாளும் அதுவுமாக அக்கா வீட்டில் போய் வாயைத் திறக்காதே என்பது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், மங்களத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தனியாகப் பேசிவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸில் ஏறினாள். பதினாலாங்கட்டையில் இறங்கினால் இப்போது பழைய ஆட்களுக்கே இடம் அடையாளம் தெரியாது. சாலையோரத்து ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டிருந்தார்கள், செம்மண்ணில் இடுப்புயரத்துக்கு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்றுகள். தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கள்ளுக்கடைக்காக நட்ட தென்னைகளை மட்டும் இன்னும் தொடவில்லை. சின்னையா அதில் ஒன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மரத்தில் நின்றபடியே, வா தங்கச்சி என்று கூப்பிட்டார்.

மங்களத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கூடத்தில் பாயில் அமராவதி உட்கார்ந்திருந்தாள், தலைக்கு ஊற்றி ஈரம் உலராத கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு. மங்களம் அடுப்படியில் கலந்த சாதத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, இரண்டு கையாலும் ஒரு மங்கைப் பிடித்துக்கொண்டு, விளிம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்துகொண்டிருந்தாள் இந்திராணி.

மங்கில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது.

தினமும் காலையில் இதுதான் அவள் வேலை என்று மங்களம் உள்ளேயிருந்தே சொன்னாள். முதல் இரண்டு மூன்று நாள் தரையெல்லாம் கொட்டினாளாம். பிறகு அமராவதிதான் பக்கத்தில் நின்று நடந்து காட்டி, நடந்து காட்டிப் பழக்கியிருக்கிறாள். இப்போது மறப்பதில்லை, சிந்துவதில்லை, பள்ளிக்கூடத்தில் முடியாததை நாங்கள் செய்துவிட்டோம் பார் என்று மங்களத்துக்குச் சிரிப்பு. ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், தினமும் ஒரே மாதிரி நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் இந்த வீட்டில் யாரும் சொல்லாமலே நடந்திருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு வேலையை முழுசாகக் கற்றுக்கொண்டது இதுதான்.

அமராவதி கையை நீட்டினாள். இந்திராணி மங்கைக் கொடுக்கக் குனிந்தாள். இருளாயி யோசிக்கவில்லை, எட்டி ஒரு தட்டுத் தட்டினாள். மங்கு சுவரில் போய் மோதி உடைந்தது. பாயெல்லாம், அமராவதியின் புதுப்புடவையெல்லாம் கள்.

"நான் சிந்தலம்மா," என்றாள் இந்திராணி. "நான் சிந்தாம கொண்டாந்தேன்."

மங்களம் எலுமிச்சம்பழக் கையோடு ஓடி வந்தாள். தனியாகப் பேச நினைத்ததெல்லாம் அதோடு போச்சு. பந்தலில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இருளாயி எல்லாவற்றையும் அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னாள். ரத்தம், நஞ்சுக்கொடி, ஈரல், மூளை என்று டாக்டர் வரிசையாகச் சொன்னதை அவள் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சொல்லும்போதே அது கோர்வையாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மங்களத்துக்குக் கோபத்தைவிட அவமானம் அதிகம். கள் இறக்குகிற வீட்டில் வந்து கள்ளை விஷம் என்கிறாளே என்றாள். சம்சுச் சாராயம் குடித்துக் கண் போனவனைப் பார்த்திருக்கிறோம், பச்சை மரத்துக் கள் குடித்து யார் கெட்டார்கள் என்றாள். அந்த ஆட்டம் ஆடுகிறவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வாசலில் வந்து நின்ற புருஷனை ஒரு தரம் பார்த்தாள். காலைக்கள் கள்ளா, இனிப்புத் தண்ணியா, நீங்களே சொல்லுங்கள் அண்ணே என்று இருளாயியும் அவரைத்தான் கேட்டாள்.

சின்னையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சுண்ணாம்பு தடவுன பானைன்னா பதநீரு. இது சுண்ணாம்பு போடாதது," என்றார். "மரத்துலயே பொங்க ஆரம்பிச்சிரும். இனிப்பா இருக்குன்னு சொல்லலாம். போத இல்லன்னு சொல்ல முடியாது." மங்களம் முறைத்த முறைப்பில் அவர் அதோடு பந்தலுக்குப் போய்விட்டார்.

"மூணு பெத்தேன்," என்றாள் மங்களம். "மூணுக்கும் இதத்தான் குடிச்சேன். இந்தா உக்காந்திருக்காளே, இவளுக்கு என்ன கொற? உனக்கு இப்படிப் பொறந்துருச்சுன்னா அது உன் தலையெழுத்து. எம்மேல ஏன் போடற?"

"உங்கமேல போடல அண்ணி. நீங்க நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தீங்க, நானும் நல்லதுன்னு நெனச்சுக் குடிச்சேன். உங்களுக்குப் படல, எனக்குப் பட்டுருச்சு. இவளுக்குப் படுமா படாதான்னு யாருக்குத் தெரியும்? தெரியாதத எதுக்குக் குடிக்கணும்?"

அதைக் கேட்டும் அமராவதியின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை என்பதை இருளாயி பார்த்தாள். அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது பெண். இந்தக் கூட்டம் கலைந்ததும் மங்களம் இன்னொரு மங்கு ஊற்றுவாள், இவளும் அம்மா மனசு நோகக் கூடாதென்று குடிப்பாள். அப்போதுதான் இருளாயி அதைச் செய்தாள். இந்திராணியை இழுத்து அமராவதிக்கு முன்னால் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நல்லாப் பாரு. மூக்குக்கும் ஒதட்டுக்கும் நடுவுல உனக்குப் பள்ளம் இருக்கில்ல? இவளுக்கு எங்க இருக்கு? மேலொதடு எங்க இருக்கு? கண்ணப் பாரு. தலையத் தொட்டுப் பாரு, எவ்வளவு சின்னதுன்னு."

சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து காட்டுகிறவனைப்போல் அவள் மகளைக் காட்டினாள். இந்திராணி அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். சிரித்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போதுதான் முதல்தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அமராவதி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. என் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டாள். பொய் சொல்ல இருளாயிக்கு மனசு வரவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம், குடித்தது போகட்டும், இன்றைக்கு நிறுத்தினால் இன்றையிலிருந்து பிள்ளைக்கு நல்லது, எந்த மாசத்தில் விட்டாலும் விட்டது நல்லதுதான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"இனிமே குடிக்கமாட்டேன்மா," என்றாள் அமராவதி, தாயைப் பார்த்து. "சத்தியமா ஒரு சொட்டு குடிக்கமாட்டேன்."

வந்த காரியம் முடிந்தது. இருளாயி மூச்சு விட்டாள். பாயில் கிடந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். இந்திராணி வழக்கம்போல் போய் அமராவதியின் தோளில் சாய்ந்துகொண்டாள், அக்கா வளையல் எப்போ போடுவீங்க என்று கேட்டுக்கொண்டு. இந்த மூன்று வாரமாக அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும், பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டதும் அமராவதிதான்.

அமராவதி அவளை உதறினாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அத்தே, இவளக் கூட்டிட்டுப் போயிருங்க. புள்ள பொறக்கற வரைக்கும் இவ எங்கண்ணுல படக்கூடாது."

"பாத்தா வரதில்லடி இது. குடிச்சா வரது."

"எனக்குப் பயமா இருக்கு அத்தே. கூட்டிட்டுப் போயிருங்க."

வாசலில் நின்ற ஒருத்தி, வயிற்றுப் பிள்ளைக்காரி இந்த மாதிரி முகத்தைப் பார்க்கக் கூடாதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். அதுவரை எதிர்த்து நின்ற மங்களம் இதில் மட்டும் உடனே சேர்ந்துகொண்டாள். கள்ளை நிறுத்தச் சொன்னதற்கு ஆயிரம் கேள்வி கேட்டவள், பிள்ளையை வெளியே அனுப்பச் சொன்னதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்திராணியின் இரண்டு சட்டையையும் மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தெலுக் இந்தானிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிற நேரம், அவர்கள் கண்ணில் படாமல் போனால் நல்லது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாதத்தையும் இலையில் கட்டி வைத்தாள்.

இருளாயி பையையும் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டாள். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதிக்கு அவர்களிடம் வேறு சரக்கு இருந்தது, அதை அந்த இடத்தில் அடைத்துக்கொண்டார்கள். அடைப்பதற்கு வழி செய்து கொடுத்தது அவளுடைய இந்தக் கை, பிள்ளையின் முகவாயைப் பிடித்துத் திருப்பிய கை.

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள். நிழலுக்கு ஒரு மரமில்லை. ஒரு வேன் அவர்களைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பியது. உள்ளே பட்டுப்புடவைக்காரிகளின் மடியில் தாம்பாளங்கள், ஒன்றில் கண்ணாடி வளையல் குவியல். இந்திராணி கை தட்டினாள். அம்மா, நான் சிந்தலல்ல என்று கேட்டாள்.

"இல்ல. ஒரு சொட்டுகூடச் சிந்தல."

"அப்ப ஏன் அக்கா கோவிச்சுக்கிட்டாங்க?"

பஸ் வந்து நின்றது, இருளாயி அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

அமராவதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்று சின்னையா மூலம் தெரிந்தது. மார்ச்சு மாசம் ஆண்பிள்ளை, நல்ல எடை. முகமெல்லாம் சரியாக இருக்கிறதாம். கள்ளை நிறுத்தியதால் தப்பித்ததா, நிறுத்தாவிட்டாலும் இப்படித்தான் பிறந்திருக்குமா, இல்லை பள்ளிக்கூடம் போகும்போதுதான் ஏதாவது தெரியப்போகிறதா, யாராலும் சொல்ல முடியாது. மங்களத்தால் முடிந்தது. நாலு மாசம் என் கையால் குடித்தாள், என்ன கெட்டுவிட்டது, ஈப்போ டாக்டர் சும்மா பயங்காட்டியிருக்கிறாள் என்று லயம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பேங்கில் வேலை பார்க்கும் மூத்தவனுக்குத் தை மாசம் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் வந்துவிட்டாள், தென்னையும் இருக்கிறது, மங்குக்கா பஞ்சம்.

பிள்ளை பிறந்த பிறகும் கூப்பிட்டு ஆள் வரவில்லை. இந்திராணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. முதன்முதலாக இருளாயி மகளின் மறதியை நம்பினாள். மூன்றாம் வாய்ப்பாடு மறந்ததே, புத்தகப் பையை எங்கே வைத்தோம் என்பது மறந்ததே, இதுவும் மறந்துவிடும் என்று காத்திருந்தாள்.

மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் இந்திராணி அடுப்படிக்குப் போய் ஒரு மங்கில் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளிம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடத்துக்கு நடந்து வருவாள். அங்கே வாங்கிக்கொள்ள யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அம்மாவிடம் கொண்டுவந்து நீட்டுவாள். இருளாயி வாங்கிக் குடிப்பாள், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும்.